தகராறில் மூன்று நட்சத்திரம்

சீனப் புத்தாண்டு விடுமுறையின் இரண்டாம் நாள் இரவு. ஈசூனில் எங்கள் புளோக்கை ஒட்டிய பலமாடி வாகன நிறுத்துமிடத்தின் மேல்தளத்தில், மூன்று கார்களைத் தவிர வேறெதுவும் இல்லை. பாதிப் பேர் ஊருக்குப் போயிருந்தார்கள், மீதிப் பேர் உறவினர் வீட்டில். நான் பாயை விரித்தேன். அப்பா மடக்கு நாற்காலியோடு மெதுவாக வந்து சேர்ந்தார். யாழினி ஒரு கையில் கணக்கு நோட்டும் மறு கையில் பூப்பந்து மட்டையுமாக எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தாள்.

தொடக்கநிலை மூன்று படிக்கிறாள். வானத்தில் எத்தனை நட்சத்திரம் என்று இரண்டு வாரமாக ஒரே கேள்வி. நேற்று எண்ணிப் பார்த்து, இருபதைத் தாண்டியதும் எதை எண்ணினோம் எதை விட்டோம் என்று குழம்பிப்போய் அழுதே விட்டாள். இன்று வழி கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னாள்.

"வானத்தை மொத்தமா எண்ணக் கூடாது தாத்தா. துண்டு துண்டாப் பிரிச்சு எண்ணணும்."

மட்டையைக் கை நீட்டி வானத்துக்கு நேரே பிடித்தாள். அந்த வளையத்துக்குள் தெரிவது ஒரு துண்டு. அப்புறம் மட்டையைப் பக்கத்தில் நகர்த்தினால் அடுத்த துண்டு. நோட்டில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வட்டம் போட்டு வைத்திருந்தாள்.

"நிலா எங்கம்மா?"

"சீனப் புத்தாண்டு அமாவாசைய ஒட்டித்தான் வரும். இன்னிக்கு இத்துனூண்டு பிறை, அதுவும் மறைஞ்சிருச்சு. எண்ணுறதுக்கு நல்ல நாள்தான்," என்றார் அப்பா.

அவருக்கு இந்த வேலை பிடித்துப்போனது. கெப்பல் துறைமுகத்தில் டேலி கிளார்க்காக இருந்தவர். 1972-இல் தஞ்சோங் பகாருக்கு முதல் கண்டெய்னர் கப்பல் வருவதற்கு முன்பு, சரக்கெல்லாம் மூட்டை மூட்டையாக இறங்கிய காலம் அது. ஐந்துக்கு ஒரு குறுக்குக் கோடு போட்டு எண்ணிய கை.

"ஒருத்தரா எண்ணக் கூடாது. கப்பல்காரன் ஒருத்தன், கரைக்காரன் ஒருத்தன். ரெண்டு பேரும் தனித்தனியா எண்ணி ஒத்துப் பாக்கணும். நான் கரை."

"அப்ப நான் கப்பல்!"

முதல் துண்டுக்கு உச்சி வானத்தைத் தேர்ந்தெடுத்தாள். இந்த மாதத்தில் இரவு ஒன்பது மணிக்கு, மிருகசீரிடமும் திருவாதிரையும் நம் தலைக்கு நேர் மேலே நிற்கும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் வாழ்வதால் நமக்குக் கிடைத்த பாக்கியம் இது என்று எனக்கு எப்போதும் தோன்றும். மல்லாந்து படுத்தாலே போதும், எதிரே இருக்கும்.

யாழினி எண்ணி முடித்து நோட்டில் எட்டு என்று எழுதினாள். அப்பா மட்டையை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"நாலு."

"நாலா? தாத்தா, சரியாப் பாருங்க!"

"நாலுதான் இருக்கு."

அவள் முகம் சிவந்துவிட்டது. மட்டையைப் பிடுங்கி மறுபடி எண்ணினாள். எட்டுதான். பிறகு அவர் கையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவள், திடீரென்று எழுந்து உட்கார்ந்தாள்.

"உங்க கை நீளம்! மட்டை தூரத்துல இருக்கு. அதனால வட்டம் சின்னதாயிடுது. அந்தச் சிவப்பு நட்சத்திரம் உங்களுக்கு வெளிய போயிருச்சு."

உண்மைதான். ஓரத்தில் சிவப்பாக மின்னிய ரோகிணி அவள் வட்டத்துக்குள் இருந்தது, அவர் வட்டத்துக்குள் இல்லை. எனக்கு அது தோன்றவே இல்லை, சொல்கிறேன். என் தலைமுடியில் இருந்த ரிப்பனைக் கேட்டு வாங்கி, மட்டையின் கழுத்தில் கட்டி, மறுமுனையில் முடிச்சுப் போட்டாள். முடிச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு ரிப்பன் விறைக்கும்வரை மட்டையை நீட்ட வேண்டும். இனி யார் பிடித்தாலும் ஒரே தூரம்.

அப்பா பொய்ப்பல் செட்டை ஒரு கையால் அழுத்திக்கொண்டு முடிச்சைக் கடித்தார். மீண்டும் எண்ணினார்.

"அஞ்சு."

இன்னும் மூன்று குறைகிறது. யாழினி எதுவும் பேசவில்லை. எனக்குப் புரிந்தது. அப்பாவின் இரண்டு கண்ணிலும் புரை. அடுத்த மாதம் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். நடுவில் வரிசையாக நிற்கும் மூன்றும் அவருக்கு ஒரே கீற்றாகத் தெரிந்திருக்கும். கீழே மங்கலாக இருக்கும் இன்னொன்று தெரிந்தே இருக்காது.

"அடுத்த துண்டுக்குப் போ," என்றார் அவர்.

போனாள். கிழக்கே மூன்று. வடக்கே இரண்டு. நகரத்தின் வெளிச்சம் எழும்பும் தெற்கில், அடிவானத்தை ஒட்டி, ஒன்றுமே இல்லை. ஒரு துண்டில் எட்டு என்றால், இருபத்திரண்டு துண்டுக்கும் பெருக்கிவிடலாம் என்று முதலில் நினைத்திருந்தாள். நூற்று எழுபத்தாறு என்று மூலையில் எழுதியும் வைத்திருந்தாள். அதை அடித்துவிட்டாள். ஒவ்வொன்றையும் எண்ணித்தான் ஆக வேண்டும் என்று புரிந்துகொண்ட அந்த இடத்தில், அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

இரண்டு துண்டுக்கு நடுவே கோட்டில் நின்ற நட்சத்திரம் யாருக்கு என்று கேட்டாள்.

"கயித்துல தொங்குற மூட்டைய எண்ண மாட்டோம். எந்தப் பக்கம் இறங்குதோ அந்தப் பக்கக் கணக்கு. நீ மொதல்லயே ஒரு பக்கத்த முடிவு பண்ணிக்கோ, அப்புறம் மாத்தாத."

இடப்பக்கம் என்று முடிவு செய்தாள். சாங்கிக்கு இறங்கப்போகும் விமானங்கள் கணக்கில் வராது என்றும் எழுதிக்கொண்டாள்.

இருபதாவது துண்டில் அடுத்த சிக்கல். ஆரம்பத்தில் விளக்குக் கம்பத்துக்கு நேராக இருந்த நட்சத்திரம் இப்போது அதைத் தாண்டி மேற்கே போயிருந்தது. ஒரு மணி நேரத்தில் வானம் பதினைந்து பாகை நகர்ந்துவிடும், பாதி மட்டை அளவுக்குக் கொஞ்சம் குறைவாக. எண்ணி முடிப்பதற்குள் துண்டுகளே இடம் மாறிவிட்டன.

"வானம் ஓடுது தாத்தா! இனிமே எப்படி?"

"கப்பலும் ஏறி இறங்கிக்கிட்டேதான் இருக்கும். சீட்டுல நேரத்தப் போடு."

ஒவ்வொரு வட்டத்துக்குப் பக்கத்திலும் நேரம் எழுதினாள். கடைசி வட்டம் 10:05. கூட்டினாள். நாற்பத்து மூன்று.

"இவ்வளவுதானா?"

மேல்தள விளக்குகளும் சுற்றிலும் உள்ள புளோக்குகளின் வெளிச்சமும்தான் மற்றதை மறைக்கின்றன என்றேன். விளக்கே இல்லாத இருட்டில் வெறுங்கண்ணால் ஒரே நேரத்தில் ஏறத்தாழ நாலாயிரத்து ஐந்நூறு தெரியும் என்றதும் நோட்டைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள். நாலாயிரத்து ஐந்நூற்றில் இருந்து நாற்பத்து மூன்றைக் கழிக்க ஆரம்பித்தாள்.

அப்பா நோட்டை வாங்கினார். "முதல் துண்டு ஒத்து வரலியே. கப்பல் எட்டு, கரை அஞ்சு."

"என்னோடதே இருக்கட்டும் தாத்தா. உங்களுக்குக் கண்ணு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

"அப்படிப் பண்ண மாட்டோம். ஒத்து வராட்டி ரெண்டு கணக்கையும் எழுதி, 'தகராறில் இத்தனை'ன்னு போட்டு ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுவோம். யாரு சரின்னு அப்புறம் பாத்துக்கலாம்."

யாழினி கவனமாக எழுதினாள்: கப்பல் 8, கரை 5, தகராறில் 3 நட்சத்திரம். தன் பெயரை எழுதி, பேனாவை அவர் விரலுக்குள் வைத்து, கோடு இருக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டினாள். அப்பா கையெழுத்துப் போட்டார், பழைய துறைமுகக் கையெழுத்து, நீண்ட வாலோடு.

"ஆபரேஷன் முடிஞ்சதும் இதே துண்ட மறுபடி எண்ணணும்," என்றாள். "ஆனா அதுக்குள்ள இது மேற்கே சாஞ்சிரும்ல? கொஞ்சம் சீக்கிரம் வரணும். எட்டு மணிக்கு."

"ஏழே முக்காலுக்கே வந்துடுறேன்."

கீழே போகும்போது மட்டையை என்னிடம் கொடுத்தாள். ரிப்பனை மட்டும் அவிழ்க்கவே கூடாது என்றாள்.