மோசடி அழைப்பு: ஒலிப்பதிவின் விவரம்

12.03.2025 புதன்கிழமை காலை 10.42 மணிக்கு என் தாயாரின் (வயது 76) செல்போனுக்கு வந்த அழைப்பு தானாகப் பதிவானது. நீளம் 7 நிமிடம் 40 விநாடி.

பேசிய ஆண், தன்னை வங்கி அதிகாரி என்கிறார். 1:50-இல், "கேஒய்சி முடியலம்மா, இன்னைக்கே கணக்கு முடங்கிடும்." 4:15-இல், "பிள்ளைங்ககிட்ட சொல்லாதீங்க, போனை வைக்காதீங்க." 7:05-இல் ஓடிபி கேட்கிறார். இருமுறை மறுத்த தாயார், மிரட்டியதும் குரல் நடுங்க மூன்று இலக்கங்களைச் சொல்கிறார். அப்போது உள்ளே வந்த நான் அழைப்பைத் துண்டித்தேன். பணம் போகவில்லை. 10.55-க்கு வங்கியில் சொல்லி கார்டை முடக்கினோம்.

பின்னணியில் வேறு சிலரும் இதேபோல் பேசுவது கேட்கிறது. இது தனி ஆள் வேலையல்ல என்றே கருதுகிறேன். வெட்டாத மூலப்பதிவு, அழைத்த எண் தெரியும் ஸ்கிரீன்ஷாட், ஓடிபி குறுஞ்செய்தி ஆகியவற்றை இணைத்துள்ளேன். தாயார் வாக்குமூலம் தரத் தயார். வயது கருதி வீட்டிலேயே பெற வேண்டுகிறேன்.