முதுநிலை வேதியியல் படிப்புக்கான பரிந்துரைக் கடிதம்: செல்வி ம. யாழினி

இரசாயனவியல் துறை,
விஞ்ஞான பீடம்,
கொழும்பு 03.
12 மார்ச் 2026

முதுநிலைச் சேர்க்கைக் குழுவினர்,
வேதியியல் துறை,
சென்னைப் பல்கலைக்கழகம்,
கிண்டி வளாகம், சென்னை 600 025.

மதிப்புக்குரியீர்,

உங்கள் முதுநிலை வேதியியல் படிப்புக்கு விண்ணப்பிக்கும் செல்வி ம. யாழினிக்காக இதை எழுதுகிறேன். ஆங்கிலப் படிவத்தைத் தனியாக நிரப்பி அனுப்பிவிட்டேன். அதன் கட்டங்களுக்குள் அடங்காதவற்றைத்தான் இங்கே சொல்ல நினைக்கிறேன்.

யாழினியை நான்கு ஆண்டுகளாகத் தெரியும். இரண்டாம் ஆண்டில் அவருக்குப் பகுப்பாய்வு இரசாயனவியல் கற்பித்தேன், இறுதியாண்டு ஆய்வுக்கும் நானே மேற்பார்வையாளர். ஹட்டன் பக்கத்துப் பிள்ளை. உயர்தரம் வரை தமிழ் மொழியில் படித்துவிட்டு, 2022இல் இங்கு வந்தார். எரிபொருளும் மின்சாரமும் இல்லாமல் நாடே தடுமாறிய ஆண்டு அது. அதற்கு மேல், விரிவுரை எல்லாம் ஆங்கிலத்தில். முதலாம் ஆண்டுப் பெறுபேறுகள் சுமாராக இருப்பதற்குக் காரணம் அதுதான். அடுத்தடுத்த ஆண்டுகளின் புள்ளிகளைப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும்.

அவருடைய ஆய்வு பேரே வாவி நீரில் கரைந்துள்ள பொசுபேற்றின் அளவைப் பற்றியது. கொழும்பின் நடுவே பச்சையாகக் கிடக்கும் அந்த நீரில் பாசி பெருகுவதற்குப் பொசுபேற்று ஒரு முக்கிய காரணம். காலை ஆறு மணிக்கே போய் நீர் எடுத்து, அங்கேயே வடிகட்டி, ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு வருவார். பிறகு மொலிப்டினம் நீல முறையில் நிறம் உண்டாக்கி, 880 நானோமீற்றரில் உறிஞ்சலை அளப்பார். புதிய முறை ஒன்றுமில்லை. ஆனால் நுண்ணளவில் செய்யும்போது சிறு கவனக்குறைவும் முடிவைக் கெடுத்துவிடும்.

மூன்று வாரம் அளந்திருந்தார். அளவுத்திருத்த வரைபு நேர்கோடாக வந்திருந்தது, மாதிரிகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போயின. சரி, அடுத்த இடத்துக்குப் போகலாம் என்று நான் சொல்லிவிட்டேன். மறுநாள் ஒரு சோதனைக் குழாயோடு என் அறைக்கு வந்து, வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்துக் காட்டினார். “சேர், பிளாங்க்ல நீலம் தெரியுது.” வாவி நீருக்குப் பதிலாக வடித்த நீரை எடுத்து, அதே கரைசல்களைச் சேர்த்த குழாய் அது; அதில் நீலம் வரக்கூடாது. நான் உற்றுப் பார்த்த பிறகுதான் எனக்கும் தெரிந்தது.

பிளாங்கின் அளவைக் கழித்துவிட்டால் போதாதா என்று கேட்டேன். சோதிப்பதற்காகத்தான் கேட்டேன். “ஒவ்வொரு போத்தல்லயும் ஒரே அளவு ஒட்டியிருக்கும் என்று எப்படிச் சொல்றது?” என்றார். அப்புறம் நான்கு நாள் தேடினார். நீரை மாற்றினார், மொலிப்டேற்றுக் கரைசலைப் புதிதாகத் தயாரித்தார், நீலம் போகவில்லை. கடைசியில் போத்தல்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியை வழக்கமான சலவைத் திரவத்தாலும், மறு பகுதியை ஒரு இரவு முழுக்க ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து வடித்த நீராலும் கழுவினார். முதல் பகுதியில் நீலம், மற்றதில் இல்லை. சலவைத் திரவத்திலேயே பொசுபேற்று இருந்திருக்கிறது.

மூன்று வாரத்து அளவீடுகளையும், வாசிக்கக்கூடியபடி ஒற்றைக் கோட்டால் வெட்டி, பக்கத்தில் திகதியும் காரணமும் எழுதினார். திரும்ப முதலிலிருந்து தொடங்கினார். அந்தக் குறிப்பேட்டை இப்போது புதிதாக வரும் மாணவர்களுக்கு நான் காட்டுகிறேன். தனக்குச் சாதகமாக வந்த முடிவைத் தானே சந்தேகிக்கும் இந்தக் குணம் எனக்கு எந்தப் புள்ளியையும் விடப் பெரிது. இருபது ஆண்டுக்கு மேல் கற்பித்துவிட்டேன், இந்த வயதில் இதை மிகச் சிலரிடமே கண்டிருக்கிறேன்.

குறையையும் சொல்ல வேண்டும். பௌதிக இரசாயனவியலில், குறிப்பாகக் குவாண்டம் பகுதியில், அவர் இன்னும் உழைக்க வேண்டும். கணிதம் கொஞ்சம் மெதுவாகத்தான் பிடிபடுகிறது. கூட்டத்தில் தானாக எழுந்து பேசமாட்டார். ஆனால் கேட்டால் தெளிவாகப் பதில் வரும். முதலாம் ஆண்டுத் தமிழ்மொழிப் பிள்ளைகளுக்கு மாலையில் உட்கார்ந்து பாடம் சொல்லிக் கொடுப்பவரும் இவர்தான். அதை நான் கேட்டுச் செய்யவில்லை, அவராகவே தொடங்கியது.

எங்கள் ‘தாக்கம்’ உங்களுக்கு ‘வேதிவினை’, எங்கள் ‘நியமிப்பு’ உங்களுக்குத் ‘தரம்பார்த்தல்’. முதல் வாரம் சொற்களில் சற்றுத் தடுமாறுவார், அவ்வளவுதான். ஆய்வுகூட வேலையில் தடுமாற்றம் இருக்காது.

நுண்ணளவுப் பகுப்பாய்வில் அவர் இங்கு கற்றதைவிட மேலே போக வேண்டும். அதற்குத் தேவையான கருவிகள் எல்லாம் எங்களிடம் இல்லை. படித்து முடித்துத் திரும்பி வந்தால் எங்கள் ஆய்வுகூடத்தில் அவருக்கு இடம் உண்டு என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன். எந்தத் தயக்கமும் இல்லாமல், முழு மனதோடு அவரைப் பரிந்துரைக்கிறேன். மேலும் ஏதாவது கேட்க வேண்டுமானால் எங்கள் துறை அலுவலகத்தின் ஊடாக எழுதுங்கள், உடனே பதில் தருவேன்.

இங்ஙனம்,
பேராசிரியர் க. சிவநேசன்
பகுப்பாய்வு இரசாயனவியல்