விடயம்: டெங்குக் கைநூல் தமிழாக்கம் அனுப்பியுள்ளேன் – அச்சுக்கு முன் உங்களிடம் மூன்று கேள்விகள்

வணக்கம் டொக்டர்,

கைநூலின் தமிழ்ப் பிரதி முடிந்துவிட்டது. இரண்டு கோப்புகள் இணைத்திருக்கிறேன். Dengue_Home_Tamil_final.docx அச்சுக்குப் போக வேண்டியது. Dengue_Home_Tamil_notes.docx அதே பிரதிதான். நான் மூலத்தை விட்டு விலகிய இடங்கள் அதில் மஞ்சளாக இருக்கின்றன. வார்டு வேலைக்கு நடுவில் இதைத் திறப்பீர்கள் என்று தெரியும். ஐந்து நிமிடம்தான் கிடைக்கும் என்றால் அடுத்த மூன்று பந்திகளை மட்டும் வாசித்துப் பதில் போடுங்கள். மிச்சத்தை இரவில் பார்த்துக்கொள்ளலாம்.

மிக அவசரமானது நான்காம் பக்கத்தில் இருக்கிறது. பரசிட்டமோல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு முறை என்று உங்கள் ஆங்கில மூலம் சொல்கிறது. நீங்கள் ஒப்பிட்டுப் பார்க்க அனுப்பிய சிங்களப் பிரதியில் அதே வசனம் நான்கு மணித்தியாலம் என்று இருக்கிறது. வளர்ந்தவர்களுக்கு ஒரு முறைக்கு இரண்டு குளிசை, ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் வேண்டாம் என்று இரண்டு பிரதிகளிலும் ஒரே மாதிரித்தான் இருக்கிறது. நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு முறை என்றால் நாளைக்கு ஆறு முறை, பன்னிரண்டு குளிசை. எட்டு என்ற கணக்கோடு ஆறு மணித்தியாலம்தான் பொருந்துகிறது. அதனால் தமிழில் ஆறு என்றே எழுதியிருக்கிறேன். ஆனாலும் மருந்தின் அளவை நான் தீர்மானிக்கக் கூடாது. நீங்கள் உறுதிப்படுத்தி ஒரு வரி அனுப்புங்கள். சிங்களப் பிரதி இன்னும் அச்சகத்துக்குப் போகவில்லை என்றால் தயவுசெய்து அதை நிறுத்தி வையுங்கள். நீங்கள் சொன்னால் அந்த மொழிபெயர்ப்பாளரோடு நானே பேசுகிறேன்.

இரண்டாவது, இரத்தப் பரிசோதனைக்கான நாள். இரண்டாம் பக்கத்தில் காய்ச்சலின் மூன்றாம் நாள் என்றும் ஐந்தாம் பக்கத்தில் மூன்று நாள் கழிந்த பின் என்றும் வருகிறது. இரண்டுக்கும் இடையில் ஒரு முழு நாள் வித்தியாசம். அத்தோடு, திங்கள் இரவு பத்து மணிக்குக் காய்ச்சல் தொடங்கினால் சிலர் புதனை மூன்றாம் நாள் என்பார்கள், சிலர் வியாழனை என்பார்கள். இரண்டு பக்கத்திலும் மூன்றாம் நாள் என்றே ஒன்றாக்கி, “காய்ச்சல் தொடங்கிய நாளையே முதலாம் நாளாக எண்ணுங்கள்” என்று ஒரு வசனம் சேர்த்திருக்கிறேன். அது மூலத்தில் இல்லை. உங்களுக்குச் சரியா?

மூன்றாவது சின்னக் கேள்வி போலத் தெரியும், ஆனால் வீடுகளில் இதைத்தான் முதலில் கேட்பார்கள். சிவப்பு, மண்ணிற பானங்களைத் தவிர்க்கச் சொல்கிறீர்கள். வாந்தியில் இரத்தம் வந்தால் அடையாளம் தெரிய வேண்டும் என்ற காரணமும் எழுதியிருக்கிறீர்கள். உதாரணத்துக்கு பீட்ரூட்டும் கோப்பியும் மட்டும் வருகின்றன. நம் ஆட்கள் காய்ச்சல் என்றவுடன் அடுப்பில் வைப்பது கொத்தமல்லித் தண்ணீர். அதுவும் மண்ணிறம்தான். பிளேன்டீயும் அப்படியே. இவையும் கூடாதா? கூடாது என்றால் பெயர் சொல்லியே எழுத வேண்டும். மண்ணிற பானம் என்று வாசிக்கும் ஒரு அம்மாவுக்குத் தன் கையில் இருக்கும் கொத்தமல்லிக் கோப்பை நினைவுக்கு வராது. அவருக்கு அது பானமில்லை, மருந்து. உங்கள் பதில் வரும்வரை அந்த இடத்தை மூலத்தில் உள்ளபடியே விட்டிருக்கிறேன்.

இனி வருவது ஆறுதலாக வாசிக்க.

இந்தக் கைநூலில் நான் அதிக நேரம் செலவழித்தது ஒரே ஒரு வசனத்தில். காய்ச்சல் குறையும்போது ஆபத்தான கட்டம் தொடங்கலாம் என்று ஆறாம் பக்கத்தில் நீங்கள் எழுதியிருப்பது. முதல் பிரதியில் கை பழக்கத்துக்கு “காய்ச்சல் விட்டதும்” என்று எழுதிவிட்டேன். அடுத்த நாள் காலை வாசித்தபோது திக்கென்றது. தமிழில் காய்ச்சல் விட்டது என்றால் நோய் போய்விட்டது என்றுதான் அர்த்தம். பக்கத்து வீட்டார் “பிள்ளைக்கு எப்படி?” என்று கேட்டால் “காய்ச்சல் விட்டிட்டுது” என்போம், அவர்களும் “அப்பாடா” என்று போய்விடுவார்கள். அதற்குப் பிறகு எத்தனை எச்சரிக்கை எழுதினாலும் அந்த ஒரு சொல் அவற்றை விழுங்கிவிடும்.

இதை நான் வெறும் சொல்லாராய்ச்சியாக எழுதவில்லை. 2019ல் என் அண்ணாவின் மகனுக்கு டெங்கு வந்தது. நான்காம் நாள் காலையில் உடம்பு குளிர்ந்து வியர்த்திருந்தது. எங்களுக்கோ பெரிய நிம்மதி. அண்ணி குளிக்க வார்த்தா, நான் தோசை சுட்டுக் கொடுத்தேன். பின்னேரம் வயிற்றுவலி என்று சுருண்டு படுத்தான், கைகால் சில்லிட்டுப் போயிருந்தது. நேரத்துக்கு வைத்தியசாலைக்குக் கொண்டுபோனதால் பிழைத்தான். அன்று எங்கள் வீட்டில் இருந்த நான்கு வளர்ந்தவர்களும் நன்றாக வாசிக்கத் தெரிந்தவர்கள்தான். உங்கள் ஆறாம் பக்கம் அப்போது எங்கள் கையில் இருந்திருந்தால் என்று இந்த இரண்டு கிழமையும் நினைத்துக்கொண்டேதான் வேலை செய்தேன்.

அதனால் அந்த வசனத்தை இப்படி மாற்றினேன்: “காய்ச்சல் இறங்கினால் சுகம் வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். டெங்குவில் ஆபத்து தொடங்குவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். அடுத்த இரண்டு நாளும் நோயாளியைத் தனியே விடாதீர்கள்.” மூலத்தில் ஒரு வசனம், தமிழில் மூன்று. வீட்டார் மனதில் இருக்கும் தப்பான எண்ணத்தை முதலில் பெயர் சொல்லி மறுத்துவிட்டுத்தான் சரியானதைச் சொல்ல முடிந்தது. இதை மட்டும் இடம் போதாது என்று சுருக்க விடாதீர்கள். இடம் வேண்டுமென்றால் முன்னுரையில் இரண்டு வரி குறைக்கலாம்.

அதே பக்கத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. பிளாஸ்மா கசிவு என்பதை “இரத்தக் கசிவு” என்று எழுதினால் வாசிப்பவர் இரத்தம் வெளியே வருவதைத்தான் தேடுவார். இரத்தம் வரவில்லை, அதனால் பயமில்லை என்று இருந்துவிடுவார். “இரத்தத்தில் உள்ள நீர் இரத்தக்குழாய்களை விட்டு வெளியே ஊறுகிறது, வெளியில் பார்த்தால் தெரியாது” என்று விரித்து எழுதியிருக்கிறேன். வார்டில் நிற்கும் உறவினர்கள் “லீக் பண்ணத் தொடங்கிட்டுதாம்” என்று டொக்டர்மாரிடம் கேட்ட சொல்லையே சொல்வார்கள். ஆகவே “வைத்தியசாலையில் இதை லீக் என்பார்கள்” என்று ஒரு இடத்தில் மட்டும் சேர்த்தேன். கேட்கும்போது அடையாளம் தெரியட்டும்.

சொற்களைப் பொறுத்தவரை, இந்தியாவில் அச்சான துண்டுப்பிரசுரங்களின் தமிழ் இங்கே வராமல் பார்த்துக்கொண்டேன். கொசு இல்லை, நுளம்பு. பப்பாளி இல்லை, பப்பாசி. மாத்திரை இல்லை, குளிசை. பிளேட்லெட்டுக்கு நம் பாடப்புத்தகச் சொல்லான குருதிச் சிறுதட்டு முதல் தடவை வருகிறது. பக்கத்திலேயே பிளேட்லெட் என்று போட்டு, பிறகு முழுக்க பிளேட்லெட்தான். பள்ளிக்கூடப் பிள்ளைக்கு ஒன்று தெரியும், தாய்க்கு மற்றது தெரியும். மற்ற இடங்களில் குருதி என்று எழுதவில்லை, இரத்தம் என்றே விட்டேன். மழைத்தண்ணீர் தேங்கும் இடங்களில் “கூரைப் பீலி” என்று எழுதியதற்கு உங்கள் அலுவலகத்தில் யாராவது “வடிகால்” என்று திருத்தினால் ஏற்க வேண்டாம். வடிகால் என்றால் ரோட்டோரக் கானைப் பார்ப்பார்கள், ஏணி வைத்து மேலே ஏற மாட்டார்கள்.

மருந்துப் பெயர்களில் கொஞ்சம் துணிந்திருக்கிறேன். பரசிட்டமோல் என்ற சொல்லோடு பனடோலையும், இபுபுரோஃபனோடு புரூஃபனையும், அஸ்பிரினோடு டிஸ்பிரினையும் போட்டேன். ஃபார்மசியில் பெட்டியின் மேலுள்ள பெயரைத்தான் சொல்லிக் கேட்கிறார்கள். வர்த்தகப் பெயர் கூடாது என்று உங்கள் நன்கொடையாளர்கள் விதி வைத்திருந்தால் சொல்லுங்கள், எடுத்துவிடலாம். ஆனால் கொடுக்கக் கூடாத இரண்டின் பெயரையாவது காப்பாற்றப் பாருங்கள். ஜீவனியும் 1990 சுவசெரியவும் எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள், அப்படியே இருக்கின்றன.

பப்பாசி இலைச்சாறு பற்றிப் போதிய சான்று இல்லை என்று நீங்கள் எழுதியதை மொழிபெயர்த்து, “குடித்தாலும் குடிக்காவிட்டாலும் வைத்தியசாலைக்குப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்” என்று தொடர்ந்திருக்கிறேன். மஞ்சளில் இருக்கிறது. வேண்டாமென்றால் அழித்துவிடுங்கள்.

உறவுமுறைச் சொற்களும் யோசிக்க வைத்தன. மூலத்தில் பாட்டி வரும் இடங்களில் வெள்ளவத்தையில் அம்மம்மா என்பார்கள், மருதானையில் உம்மும்மா என்பார்கள், தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்களில் பாட்டி என்பார்கள். ஒரு வீட்டுக்கு மட்டும் எழுதியது போல ஆகிவிடும் என்று “வீட்டிலுள்ள பெரியவர்” ஆக்கினேன். சற்று விறைப்பாகத்தான் இருக்கிறது. படத்தில் ஒரு முதியவரைப் போட்டால் சரியாகிவிடும். அறிவுறுத்தல்கள் எல்லாம் “செய்யவும்” இல்லாமல் “செய்யுங்கள்” என்றே முடிகின்றன. கந்தோர்க் கடிதம் போல இருந்தால் நோயாளி வீட்டில் யாரும் வாசிக்க மாட்டார்கள்.

வடிவமைப்பாளருக்கு ஒரு செய்தி சொல்லிவிடுங்கள். கோப்பு யுனிகோடில் இருக்கிறது, பாமினிக்கு மாற்ற வேண்டாம். InDesign இல் World-Ready Paragraph Composer ஐத் தெரிவு செய்யாவிட்டால் “கொ”, “கோ” எழுத்துகளில் கொம்பு இடம் மாறி நிற்கும். அச்சுக்கு முன் பீடிஎஃப்பை எனக்கு ஒருமுறை அனுப்புங்கள். ஒரு மணித்தியாலத்தில் பார்த்துத் தருவேன், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. தமிழ் வாசிக்கத் தெரியாத கண்ணுக்கு உடைந்த எழுத்து தெரியாது.

வெள்ளி பின்னேரம் அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும் என்றீர்கள். வியாழன் இரவுக்குள் அந்த மூன்று கேள்விக்கும் பதில் கிடைத்தால் வெள்ளி காலை பத்து மணிக்குத் திருத்திய கோப்பு உங்களிடம் இருக்கும். எழுத நேரமில்லை என்றால் வாட்ஸ்அப்பில் குரலில் சொல்லுங்கள், போதும். குளிசைக் கணக்குக்கு மட்டும் எழுத்தில் ஒரு வரி வேண்டும். பற்றுச்சீட்டைத் தனியே அனுப்புகிறேன்.

அன்புடன்,
யாழினி
வெள்ளவத்தை