ஆங்கில வினைச்சொற்களின் ஈற்றில் வரும் ‘எஸ்’: ஸ், ஃஸ், இஃஸ் என்னும் மூன்று ஒலிப்புகள்

வெள்ளவத்தை மாலை வகுப்பு, உச்சரிப்புப் பாடத்தாள்

‘அவன்’, ‘அவள்’, ‘அது’ என்னும் எழுவாய்களோடு நிகழ்கால வினைச்சொல் வரும்போது அதன் ஈற்றில் ‘எஸ்’ சேரும் என்பதை நீங்கள் ஏற்கனவே அறிவீர்கள். எழுதும்போது அந்த எழுத்தைத் தவறாமல் சேர்க்கும் மாணவர்கள்கூட, வாசிக்கும்போது எல்லாச் சொற்களையும் ஒரே ‘ஸ்’ஸில் முடித்துவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் இந்த ஒரெழுத்துக்கு மூன்று ஒலிப்புகள் உண்டு. எந்தச் சொல்லுக்கு எந்த ஒலிப்பு என்பதை எழுத்துக்கூட்டல் தீர்மானிப்பதில்லை. ‘எஸ்’ஸுக்கு முன்னால் வாயில் ஒலிக்கும் கடைசி ஒலியே தீர்மானிக்கிறது.

இத்தாளில் பயன்படுத்தும் குறிகளை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். தொண்டை அதிராமல் வரும் சீறல் ஒலியை ‘ஸ்’ என்றும், அதே நாக்கு நிலையில் தொண்டை அதிர வரும் ஒலியை ‘ஃஸ்’ என்றும், அதற்கு முன் ஒரு குறுகிய உயிரும் சேர்ந்து தனி அசையாக வருவதை ‘இஃஸ்’ என்றும் எழுதியிருக்கிறோம். ‘மார்க்கற்’, ‘பஜற்’ என்று நம் நாட்டில் எழுதும் வழக்கத்தை ஒட்டி, சொல்லின் ஈற்றில் தொண்டை அதிராத ஒலி வந்தால் ‘ற்’ என்றும் அதிரும் ஒலி வந்தால் ‘ட்’ என்றும் வேறுபடுத்தியிருக்கிறோம்.

தொண்டை அதிர்வு தமிழருக்குப் புதிய செய்தி அன்று. ‘பக்கம்’ என்பதிலும் ‘தங்கம்’ என்பதிலும் நாம் ஒரே ககரத்தைத்தான் எழுதுகிறோம். ஆனால் கழுத்தின் முன்புறம் இரு விரல்களை வைத்துக்கொண்டு இரண்டையும் மெதுவாகச் சொல்லிப் பார்த்தால், முதற்சொல்லின் ககரத்தில் அதிர்வு ஒரு கணம் நின்றுபோவதையும் இரண்டாவதில் அது தொடர்வதையும் விரல்களே காட்டிவிடும். ‘அப்பம்’, ‘பம்பரம்’ என்னும் இரண்டிலும், ‘பட்டம்’, ‘வண்டி’ என்னும் இரண்டிலும், ‘பச்சை’, ‘மஞ்சள்’ என்னும் இரண்டிலும் இதே வேறுபாடு உண்டு. நம் எழுத்து இதைக் காட்டுவதில்லை என்றாலும் நம் வாய் இதை நன்கு அறியும். இனி ‘ஸ்ஸ்ஸ்’ என்று நீட்டிச் சொல்லுங்கள். நாக்கை அசைக்காமல் தொண்டையை மட்டும் அதிரவிடுங்கள். தேனீ இரைவது போல ஒலி மாறினால் அதுவே ‘ஃஸ்’.

முதல் பட்டியல்: தனி அசையாகும் ‘இஃஸ்’

பாடநூல்கள் பெரும்பாலும் இதைக் கடைசியில் வைக்கும். இந்த வகுப்பில் இதை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. ‘ஃஸ்’ வரவேண்டிய இடத்தில் ‘ஸ்’ வந்தால் கேட்பவர் பெரும்பாலும் புரிந்துகொள்வார். அசை ஒன்று குறைந்தாலோ கூடினாலோ சொல்லே வேறாகக் கேட்கும். சொல்லின் கடைசி ஒலியே சீறல் ஒலியாக இருக்கும்போது அதன்மேல் இன்னொரு சீறலை ஒட்ட முடியாது. ஆகவே நடுவில் ஓர் உயிர் வருகிறது. முற்காலத்து ஆங்கிலத்தில் இவ்விகுதி எல்லா வினைகளிலும் உயிரோடு தனி அசையாகவே ஒலித்தது. பின்னர் முடிந்த இடங்களிலெல்லாம் அந்த உயிர் கெட்டு, தவிர்க்க முடியாத இந்த இடத்தில் மட்டும் தங்கிவிட்டது.

‘ஸ்’ ஒலிக்குப் பின்: பாஸிஃஸ் (கடக்கிறார்), மிஸிஃஸ் (தவறவிடுகிறார்), டான்ஸிஃஸ் (ஆடுகிறார்), ஃபிக்ஸிஃஸ் (பொருத்துகிறார்), மிக்ஸிஃஸ் (கலக்கிறார்). கடைசி இரண்டும் ‘எக்ஸ்’ எழுத்தில் முடிபவை. அவ்வெழுத்தின் ஒலி ‘க்ஸ்’ ஆகையால் இங்கே சேர்ந்தன.

‘ஃஸ்’ ஒலிக்குப் பின்: க்ளோஃஸிஃஸ் (மூடுகிறார்), யூஃஸிஃஸ் (பயன்படுத்துகிறார்), லூஃஸிஃஸ் (இழக்கிறார்), சூஃஸிஃஸ் (தெரிவுசெய்கிறார்).

‘ஷ்’ ஒலிக்குப் பின்: வொஷிஃஸ் (கழுவுகிறார்), ஃபினிஷிஃஸ் (முடிக்கிறார்), ப்ரஷிஃஸ் (துலக்குகிறார்), புஷிஃஸ் (தள்ளுகிறார்).

‘பச்சை’யில் வரும் சகரத்துக்குப் பின்: வொச்சிஃஸ் (பார்க்கிறார்), டீச்சிஃஸ் (கற்பிக்கிறார்), ரீச்சிஃஸ் (சேர்கிறார்).

‘ஜ்’ ஒலிக்குப் பின்: சேஞ்ஜிஃஸ் (மாற்றுகிறார்), மனேஜிஃஸ் (நிர்வகிக்கிறார்), அரேஞ்ஜிஃஸ் (ஒழுங்குசெய்கிறார்).

மேசையில் விரலால் தட்டி எண்ணுங்கள். ‘வொச்’ ஒரு தட்டு, ‘வொச்சிஃஸ்’ இரண்டு தட்டு. ‘ஃபினிஷ்’ இரண்டு, ‘ஃபினிஷிஃஸ்’ மூன்று. அடுத்த இரு பட்டியல்களிலும் தட்டுகளின் எண்ணிக்கை கூடவே கூடாது.

இரண்டாம் பட்டியல்: அதிராத ‘ஸ்’

சொல்லின் கடைசி ஒலியில் தொண்டை அதிராவிட்டால், பின்வரும் ‘எஸ்’ஸிலும் அதிராது.

‘அப்ப’த்தின் பகர ஒலிக்குப் பின்: ஸ்டொப்ஸ் (நிற்கிறது), ஸ்லீப்ஸ் (உறங்குகிறார்), கீப்ஸ் (வைத்திருக்கிறார்), ஹோப்ஸ் (நம்பியிருக்கிறார்), ஹெல்ப்ஸ் (உதவுகிறார்), ஜம்ப்ஸ் (பாய்கிறார்).

‘ற்’ ஒலிக்குப் பின்: ஈற்ஸ் (உண்கிறார்), ஸிற்ஸ் (அமர்கிறார்), வெயிற்ஸ் (காத்திருக்கிறார்), ரைற்ஸ் (எழுதுகிறார்), கற்ஸ் (வெட்டுகிறார்), வோன்ற்ஸ் (விரும்புகிறார்).

‘பக்க’த்தின் ககர ஒலிக்குப் பின்: வோக்ஸ் (நடக்கிறார்), வேர்க்ஸ் (வேலை செய்கிறார்), மேக்ஸ் (செய்கிறார்), லைக்ஸ் (விரும்புகிறார்), குக்ஸ் (சமைக்கிறார்), ஆஸ்க்ஸ் (கேட்கிறார்), திங்க்ஸ் (நினைக்கிறார்), ட்ரிங்க்ஸ் (குடிக்கிறார்).

‘ஃப்’ ஒலிக்குப் பின்: லாஃப்ஸ் (சிரிக்கிறார்), கொஃப்ஸ் (இருமுகிறார்). இவ்விரண்டும் எழுத்துக்கூட்டலில் ‘ஜி’, ‘எச்’ என்று முடிந்தாலும் ஒலியில் ‘ஃப்’ என்றே முடிகின்றன.

தமிழ் பேசுபவர் அதிகம் இடறும் சொற்கள் இந்தப் பட்டியலில்தான் இருக்கின்றன. மெல்லினத்துக்குப் பின் வரும் வல்லினத்தை அதிரவைப்பது தமிழின் இயல்பு. ‘தங்கம்’, ‘பம்பரம்’ இரண்டும் அப்படி வந்தவையே. அந்தப் பழக்கம் ஆங்கிலத்துக்குள்ளும் நம்மை அறியாமல் புகுந்துவிடுவதால், ‘திங்க்ஸ்’ என்பதன் ககரத்தைத் ‘தங்க’த்தின் ககரம் போலவும், ‘ஜம்ப்ஸ்’ என்பதன் பகரத்தைப் ‘பம்பர’த்தின் பகரம் போலவும் சொல்லி, அதைத் தொடர்ந்து ‘எஸ்’ஸையும் அதிரவைத்துவிடுகிறோம். இச்சொற்களில் மெல்லினம் முடிந்ததும் தொண்டையை நிறுத்த வேண்டும். ‘திங்’ என்று சொல்லி, அதிர்வை அடக்கி, ‘க்ஸ்’ என்று முடியுங்கள். ஜம்ப்ஸ், வோன்ற்ஸ், திங்க்ஸ், ட்ரிங்க்ஸ் என்னும் நான்கையும் விரலைக் கழுத்தில் வைத்தபடி நாள்தோறும் சொல்லிவந்தால் போதும்.

இன்னொரு இடறல் ‘ஆஸ்க்ஸ்’. மூன்று மெய்கள் அடுத்தடுத்து வருவதைத் தாங்காமல் நம் நாக்கு ஓர் இகரத்தைச் சேர்த்து ‘ஆஸ்கிஸ்’ என்று ஆக்கிவிடும். ஒரே தட்டில் முடிய வேண்டிய சொல் இது.

மூன்றாம் பட்டியல்: அதிரும் ‘ஃஸ்’

எஞ்சிய எல்லா ஒலிகளுக்கும், அதாவது அதிரும் மெய்களுக்கும் எல்லா உயிர்களுக்கும் பின் ‘ஃஸ்’ வரும். மூன்றினுள் மிகப் பெரிய கூட்டம் இதுவே. எனவே ஐயம் வந்தால் ‘ஃஸ்’ என்று ஊகிப்பது பிழையாகாது.

‘பம்பர’த்தின் பகர ஒலிக்குப் பின்: க்ரப்ஃஸ் (பறிக்கிறார்), ரப்ஃஸ் (தேய்க்கிறார்).

‘ட்’ ஒலிக்குப் பின்: ரீட்ஃஸ் (வாசிக்கிறார்), நீட்ஃஸ் (தேவைப்படுகிறது), ரைட்ஃஸ் (சவாரி செய்கிறார்), ஸெண்ட்ஃஸ் (அனுப்புகிறார்), ஸ்டாண்ட்ஃஸ் (நிற்கிறார்).

‘தங்க’த்தின் ககர ஒலிக்குப் பின்: டிக்ஃஸ் (தோண்டுகிறார்), பெக்ஃஸ் (இரக்கிறார்), ஹக்ஃஸ் (அணைக்கிறார்).

‘வ்’ ஒலிக்குப் பின்: கிவ்ஃஸ் (கொடுக்கிறார்), லிவ்ஃஸ் (வசிக்கிறார்), ட்ரைவ்ஃஸ் (ஓட்டுகிறார்), லீவ்ஃஸ் (புறப்படுகிறார்), அரைவ்ஃஸ் (வந்துசேர்கிறார்).

மெல்லினத்துக்குப் பின்: கம்ஃஸ் (வருகிறார்), ஸ்விம்ஃஸ் (நீந்துகிறார்), க்ளைம்ஃஸ் (ஏறுகிறார்), ரன்ஃஸ் (ஓடுகிறார்), லேர்ன்ஃஸ் (கற்கிறார்), ஓப்பன்ஃஸ் (திறக்கிறார்), ஸிங்ஃஸ் (பாடுகிறார்), ப்ரிங்ஃஸ் (கொண்டுவருகிறார்).

‘ல்’, ‘ர்’ ஒலிகளுக்குப் பின்: ஸெல்ஃஸ் (விற்கிறார்), கோல்ஃஸ் (அழைக்கிறார்), ஃபீல்ஃஸ் (உணர்கிறார்), வெயர்ஃஸ் (அணிகிறார்), ஆன்ஸர்ஃஸ் (விடையளிக்கிறார்).

உயிருக்குப் பின்: கோஃஸ் (போகிறார்), ஸீஃஸ் (காண்கிறார்), ப்ளேஃஸ் (விளையாடுகிறார்), பேஃஸ் (பணம் செலுத்துகிறார்), பைஃஸ் (வாங்குகிறார்), ட்ரைஃஸ் (முயல்கிறார்), ஸ்டடீஃஸ் (படிக்கிறார்), கேரீஃஸ் (சுமக்கிறார்).

‘கோஃஸ்’, ‘ட்ரைஃஸ்’, ‘ஸ்டடீஃஸ்’ ஆகியவற்றை எழுதும்போது ‘ஈ’, ‘எஸ்’ என்னும் இரண்டெழுத்துகளும் வரும். அந்த ‘ஈ’யைக் கண்டு இவற்றை முதற் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள், அது ஒலிப்பதில்லை. இதற்கு மறுபுறமாக, ‘மேக்’, ‘லைக்’, ‘ஹோப்’ ஆகியவற்றின் ஈற்றிலும் ஒலிக்காத ‘ஈ’ ஒன்று எழுத்தில் உண்டு. அவையும் இரண்டாம் பட்டியலை விட்டு நகர்வதில்லை.

உயிர் மாறும் சொற்கள் இரண்டு உண்டு. ‘ஸேய்’ (சொல்) என்பது ‘ஸெஃஸ்’ என்று குறுகும்; ‘ஸேய்ஃஸ்’ என்று நீட்டுவது பொதுவழக்கு அன்று. ‘டூ’ (செய்) என்பது ‘டஃஸ்’ ஆகும். ‘ஹாவ்’ என்பதில் வகரமே கெட்டு ‘ஹாஃஸ்’ என்று வரும்.

‘ரைற்ஸ்’, ‘ரைட்ஃஸ்’ என்னும் இணையை வேறுபடுத்த ‘எஸ்’ஸை மட்டும் நம்ப வேண்டாம். அதிரும் மெய்க்கு முன் உள்ள உயிர் சற்று நீண்டும், அதிராத மெய்க்கு முன் சட்டென்று முறிந்தும் ஒலிக்கும். ஆங்கிலேயரே சொல்லின் ஈற்றில் ‘ஃஸ்’ஸைப் பல வேளைகளில் மெலிவாகத்தான் அதிரவைக்கிறார்கள், கேட்பவருக்கு வேறுபாட்டைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அந்த உயிரின் நீளமே. வகுப்பில் நாம் ‘ஃஸ்’ஸை மிகையாக அழுத்துவது பயிற்சிக்காக மட்டுமே.

பன்மைப் பெயர்களுக்கும் இதே விதிதான்: புக்ஸ், பாக்ஃஸ், பஸிஃஸ்.

வாசிப்புப் பயிற்சி

கீழுள்ள பந்தியைச் சத்தமாக வாசியுங்கள். முதன்முறை தட்டி எண்ணியும், இரண்டாம் முறை கழுத்தில் விரல் வைத்தும் வாசிக்க வேண்டும்.

நிர்மலா லிவ்ஃஸ் இன் தெஹிவளை. ஷீ வேக்ஸ் அப் ஏர்லி, வொஷிஃஸ் ஹேர் ஃபேஸ் அண்ட் மேக்ஸ் டீ. ஷீ லீவ்ஃஸ் ஹோம், வோக்ஸ் டு கோல் ரோட் அண்ட் கச்சிஃஸ் த ஹன்ட்ரட் பஸ். த பஸ் ஸ்டொப்ஸ் அற் பம்பலப்பிட்டி அண்ட் ரீச்சிஃஸ் பெட்டா. ஷீ வேர்க்ஸ் இன் அ டெக்ஸ்டைல் ஷொப். ஷீ ஓப்பன்ஃஸ் த டோர், ஆன்ஸர்ஃஸ் த ஃபோன் அண்ட் ஸெல்ஃஸ் ஸாரீஃஸ். ஹேர் பிரதர் ட்ரைவ்ஃஸ் அ த்ரீவீலர். ஹி ஸெஃஸ் ஹி லைக்ஸ் த ஸிட்டி, பற் ஹி மிஸிஃஸ் ஜஃப்னா.

வீட்டுப் பயிற்சி

பின்வரும் வினைகளுக்கு ‘எஸ்’ சேர்த்து, உரிய பட்டியலின் கீழ் எழுதுங்கள்: ஸ்பீக் (பேசு), டச் (தொடு), நோ (அறி), கெற் (பெறு), ப்ரீத் (மூச்சுவிடு), ஜட்ஜ் (தீர்ப்பளி), க்ளீன் (துப்புரவாக்கு), ரென்ற் (வாடகைக்கு எடு), ரிலாக்ஸ் (ஓய்வெடு), லவ் (நேசி), ஷொப் (பொருள் வாங்கு), என்ஜோய் (மகிழ்ந்து அனுபவி). ‘ப்ரீத்’ என்பதன் ஈற்றொலி ‘பந்து’ என்பதன் தகரம் போல அதிர்வது என்பதைக் கவனியுங்கள்.

விடைகள்

இஃஸ்: டச்சிஃஸ், ஜட்ஜிஃஸ், ரிலாக்ஸிஃஸ்.

ஸ்: ஸ்பீக்ஸ், கெற்ஸ், ரென்ற்ஸ், ஷொப்ஸ்.

ஃஸ்: நோஃஸ், ப்ரீத்ஃஸ், க்ளீன்ஃஸ், லவ்ஃஸ், என்ஜோய்ஃஸ்.