மொட்டைக்கறுப்பன் 1 கிலோ பை: லேபிள் வடிவமைப்புக்கான வேலைக் குறிப்பு

வட்டக்கச்சி, பெப்ரவரி 9

வணக்கம் தம்பி,

போனில் கதைத்ததை எல்லாம் எழுத்தில் தருகிறேன். இதில் இருப்பதுதான் வேலை. இதற்கு வெளியே எங்கள் சங்கத்தில் யார் என்ன கேட்டாலும், நான் எழுதித் தரும்வரை அதைச் செய்ய வேண்டாம்.

இவ்வளவு கண்டிப்பாக எழுத ஒரு காரணம் இருக்கிறது. போன தடவை மிளகாய்த்தூள் பைக்கு வேறொருவரிடம் வேலை கொடுத்தோம். நிர்வாகத்தில் ஏழு பேர். ஏழு பேரும் அவருக்குத் தனித்தனியாகப் போன் எடுத்தோம். ஒருவர் பச்சை கேட்டார், அடுத்தவர் பச்சையை எடுக்கச் சொன்னார். பதினொரு தரம் மாற்றி, பொங்கலும் போய், கடைசியில் முதல் படத்துக்கே திரும்பி வந்தோம். பிழை அவருடையது அல்ல. எங்களுக்கு என்ன வேண்டும் என்று நாங்களே முடிவு செய்யாமல் அவரை அலைக்கழித்தோம். இந்த முறை ஏழு பேரும் ஒன்றாக இருந்து முடிவெடுத்துவிட்டோம். கையெழுத்தும் வைத்தாயிற்று.

என்ன வேலை

1 கிலோ தெளிந்த பொலித்தீன் பைக்கு இரண்டு ஸ்டிக்கர். முன்பக்கம் 100 × 140 மில்லிமீற்றர், பின்பக்கம் 100 × 100. அவ்வளவுதான். 5 கிலோ பையும் பேஸ்புக் படமும் பதாகையும் இதில் இல்லை. தேவை வந்தால் தனியாகக் காசு கதைப்போம்.

யாருக்கு

முறிகண்டியில் தேங்காய் உடைக்க வாகனம் நிறுத்துகிறவர்களுக்கு. கொழும்புக்குத் திரும்புகிற குடும்பம், பிள்ளையாரைக் கும்பிட்டு, கச்சான் வாங்கி, பக்கத்துக் கடையை ஒருதரம் பார்க்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் எங்களுக்குக் கிடைக்கும். அதில் சிங்களச் சனமும் உண்டு. ஊர்ச் சந்தையில் வாங்குகிறவர்களுக்கு லேபிள் தேவையில்லை, அவர்கள் அரிசியை அள்ளிப் பார்த்தே வாங்குவார்கள்.

பையைப் பார்த்ததும் விளங்க வேண்டியது ஒன்றுதான்: இது வன்னியில் விளைந்த, பழைய ரகத்துச் சிவப்புப் புழுங்கல் அரிசி. காலபோக நெல், எங்கள் உறுப்பினர்களின் வயலில் விளைந்தது, நாங்களே அவித்துக் குற்றியது.

என்ன வேண்டாம்

இதைத் தயவுசெய்து இரண்டு தரம் வாசியுங்கள். முள்வேலி, இடிந்த சுவர், அழுகிற தாய், வெடித்த பாதம், ஒன்றும் வேண்டாம். "போரால் பாதிக்கப்பட்ட பெண்களின் உற்பத்தி" என்ற வரியும் வேண்டாம். எங்களில் பலருக்கு அந்தக் கதை இருக்கிறது. ஆனால் பாவம் பார்த்து வாங்குகிறவர் ஒருதரம்தான் வாங்குவார். சோறு பிடித்து வாங்குகிறவர் திரும்பி வருவார். எங்களுக்கு அவர்தான் வேண்டும்.

நீரிழிவுக்கு நல்லது, கொழுப்பைக் குறைக்கும் என்ற மாதிரி வருத்தத்தோடு சேர்த்து ஒரு சொல்லும் போட வேண்டாம். கறுப்பன் என்று பேர் இருக்கிறதென்று லேபிளைக் கறுப்பாக்கவும் வேண்டாம். அரிசி சிவப்பு.

நிறம்

இந்தச் சிவப்பை நான் சொல்லி உங்களுக்கு விளங்காது. அதனால் அரிசியையே அனுப்புகிறேன். ஒரு பிடியை வெள்ளைக் கடதாசியில் கொட்டி, காலை வெளிச்சத்தில் முற்றத்தில் வைத்துப் பாருங்கள். முழுக்கச் சிவப்பாக இராது. தவிடு தேய்ந்த இடத்தில் மங்கலான வெள்ளை, மற்ற இடத்தில் காய்ந்த செம்மண் மாதிரி ஒரு சிவப்பு, சில மணியில் நீளத்துக்கு ஒரு கோடு. லேபிளின் முதன்மை நிறம் அந்தக் கோட்டின் நிறம். கூட இன்னும் ஒரு நிறம் நீங்கள் தெரிவு செய்யுங்கள். மூன்றாவது வேண்டாம். லேபிள் பையின் மேல் பாதியில் நிற்கட்டும், கீழே அரிசி தெரிய வேண்டும்.

போன் திரையில் பார்த்து நாங்கள் நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டோம். ஏழு போனில் ஏழு சிவப்பு தெரியும். நிறத்துக்குச் சம்மதம் அச்சடித்த மாதிரியில் மட்டும்.

எழுத்து

முன்பக்கத்தில் பெரிதாக "மொட்டைக்கறுப்பன்". அதன் கீழ் "சிவப்புப் புழுங்கல் அரிசி", "வன்னி", "தேறிய நிறை 1 கி.கி." பேர் மூன்று மொழியிலும் வர வேண்டும், தமிழ் முதலில். மூன்று மொழிக்குமான முழு வாசகம் `label_text.docx` கோப்பில் இருக்கிறது. சிங்களத்தை ஒரு சிங்கள ஆசிரியர் பார்த்துத் தந்தார். இந்த வாசகத்தை இனி நாங்கள் மாற்றமாட்டோம்.

எல்லாம் யூனிகோட். பாமினிக்கு மாற்றித் திரும்பத் தட்ட வேண்டாம், எழுத்துப் பிழை அங்கேதான் நுழையும். இல்லஸ்ரேற்றரில் ஒட்டும்போது கொம்பும் காலும் இடம் மாறினால், Preferences > Type இல் `Show Indic Options` ஐப் போட்டுவிட்டு, பந்தி அமைப்பில் தெற்காசிய மொழிக்கானதைத் தெரிவு செய்யுங்கள். மிளகாய்த்தூள் பையில் ஒரு ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. ஆயிரம் ஸ்டிக்கர் அடித்த பிறகுதான் கண்டோம்.

பின்பக்கத்தில் தயாரிப்பாளர் முகவரி, சமைக்கும் முறை, பார்கோடு. தொகுதி இலக்கம், பொதி செய்த திகதி, காலாவதித் திகதி, விலை நான்கையும் நாங்கள் கையால் முத்திரை குத்துவோம். அதற்கு 40 × 25 மில்லிமீற்றர் வெள்ளைக் கட்டம் விடுங்கள். அந்தக் கட்டத்தின் மேல் பளபளப்புப் பூச்சு வரக்கூடாது, மை காயாமல் கையில் ஒட்டும்.

பார்கோட்டின் இலக்கம் கோப்பில் இருக்கிறது, 479 இல் தொடங்கும். வெள்ளையில் கறுப்புக் கோடுகள். அழகுக்காகச் சிவப்பாக்கினால் கடை மெசினின் சிவப்பு ஒளிக்குக் கோடே தெரியாது. இரண்டு பக்கத்து வெற்றிடத்தோடு 37 × 26 மில்லிமீற்றர் இடம் விடுங்கள்.

திருத்தம்

முதலில் மூன்று பென்சில் கீறல், பெப்ரவரி 17. கணினியில் செய்ய வேண்டாம், பாடு வீணாகும். 20 ஆம் திகதி ஒன்றைத் தெரிவு செய்வோம். அதன் பிறகு மற்ற இரண்டையும் பற்றி ஒருவரும் கதைக்கக் கூடாது, நான் உட்பட. முழு வடிவம் 27. முதல் திருத்தம் மார்ச் 2, நீங்கள் திருப்பித் தருவது 6. இரண்டாம் திருத்தம் 9. அச்சு மாதிரி 13. அச்சுக்கான கோப்பும், எழுத்துத் திருத்தக்கூடிய மூலக் கோப்பும் 16. சித்திரை வருசத்துக்கு முன் கடையில் இருக்க வேண்டும்.

திருத்தம் இரண்டு தரம் மட்டும். ஒவ்வொரு தரமும் ஒரே தாளில், என் கையெழுத்தோடு வரும். போனிலோ வட்ஸ்அப் குரலிலோ வருவது திருத்தம் அல்ல. நாங்கள் குறையைத்தான் சொல்லுவோம், "தூரத்தில் பேர் வாசிக்க முடியவில்லை" என்ற மாதிரி. அதை எப்படிச் சரிசெய்வது என்பது உங்கள் வேலை. "வடிவில்லை" என்று மட்டும் எழுதி வந்தால் எனக்கே திருப்பி அனுப்புங்கள்.

நாங்கள் பதில் சொல்லப் பிந்தினால் உங்கள் திகதியும் அத்தனை நாள் தள்ளும். எங்கள் மனம் மாறி மூன்றாம் தரம் கேட்டால் 3,500 ரூபா மேலதிகம். கோப்பில் உள்ளதற்கு மாறாக நீங்கள் விட்ட பிழை என்றால் காசில்லை, எண்ணிக்கையிலும் சேராது.

மொத்தம் 40,000 ரூபா. இப்போது 15,000, கீறல் தெரிவானதும் 15,000, கோப்புகள் கைக்கு வந்ததும் 10,000.

முடிந்தது என்று எப்படித் தெரியும்

அச்சு மாதிரியைப் பையில் ஒட்டி, முறிகண்டிக் கடைத் தட்டில் வைப்போம். ஐந்து அடி தள்ளி நின்று, இந்த வேலையைப் பற்றித் தெரியாத மூன்று பேர் பேரை வாசிக்க வேண்டும். அதில் ஒருவர் சிங்களத்தில். கடை மெசின் பார்கோட்டைப் பிடிக்க வேண்டும். முத்திரை மை ஒரு நிமிடத்தில் காய வேண்டும். இந்த மூன்றும் சரியென்றால் சம்மதக் கையெழுத்து வைப்போம். எங்களில் ஒருவருக்கு நிறம் பிடிக்கவில்லை என்பதற்காக நிறுத்தமாட்டோம்.

விளங்காதது இருந்தால் 12 ஆம் திகதிக்குள் கேளுங்கள், பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு எடுத்தால் ஆறுதலாகக் கதைக்கலாம். இரண்டு கிலோ அரிசி நாளைக் காலை யாழ்ப்பாண பஸ்ஸில் வருகிறது. ஒரு கிலோ நிறம் பார்க்க. மற்றதை அம்மாவிடம் கொடுத்து, தண்ணீர் தாராளமாக வைத்து வடிக்கச் சொல்லுங்கள். சாப்பிட்ட பிறகு கீறத் தொடங்குங்கள்.

அன்புடன்,
செயலாளர் அக்கா