தொழிலாளர் சட்டத் தொகுப்புகள்: நம் ஆலை செய்ய வேண்டியவை, கெடு தேதிகள், பொறுப்பாளர்கள்

தேதி: 01-12-2025
பெறுவோர்: நிர்வாகப் பங்குதாரர், ஆலை மேலாளர், மனிதவள அலுவலர், கணக்காளர், இரு ஷிப்ட் மேற்பார்வையாளர்கள்

நான்கு சட்டத் தொகுப்புகளும் 21-11-2025 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன என்று விளக்கி வந்த சுற்றறிக்கையைப் படித்து, நமக்குப் பொருந்துவதை மட்டும் பிரித்து எழுதியிருக்கிறோம். "விதிகள் வரட்டும், அப்புறம் பார்ப்போம்" என்று இருந்துவிடக் கூடாது. சட்டத்திலேயே எழுதியிருக்கும் கடமைகள் இப்போதே பிணைக்கின்றன. விதிக்கு விட்டிருக்கும் விஷயங்களில், புதிய சட்டத்தோடு முரண்படாத அளவுக்குப் பழைய விதிகளே தொடர்கின்றன. அதனால் இப்போதைய பதிவேடுகள் எதையும் நிறுத்த வேண்டாம்.

சட்டம் சொல்லும் நாளைச் "சட்டக் கெடு" என்றும், நமக்கு நாமே வைத்துக்கொண்டதை "நம் கெடு" என்றும் குறித்திருக்கிறோம். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

முதலில் ஆள் கணக்கு

நேரடித் தொழிலாளர்கள் 36 பேர் (பெண்கள் 8), அலுவலகமும் மேற்பார்வையும் 5 பேர், ஃபெட்லிங் மற்றும் பேக்கிங்கில் ஒப்பந்ததாரர் வழியாக 14 பேர். மொத்தம் 55. மின்சக்தியோடு 20 பேர் இருந்தாலே "தொழிற்சாலை" என்பதால் அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒவ்வொரு கடமைக்கும் எண்ணும் முறை வேறு. சில இடங்களில் தொழிலாளர் மட்டும், சில இடங்களில் அலுவலகமும் ஒப்பந்த ஆட்களும் சேர்த்து. ஒரே எண்ணை எல்லா இடத்திலும் போட்டுப் பார்ப்பதால்தான் பெரும்பாலான தவறுகள் வருகின்றன. மனிதவள அலுவலர் ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி இந்த மூன்று எண்களையும் தனித்தனியே எழுதி மேலாளரிடம் கையொப்பம் வாங்க வேண்டும்.

ஊதியக் கணக்கு (பொறுப்பு: கணக்காளர், சரிபார்ப்பு: நிர்வாகப் பங்குதாரர்)

இதுதான் இந்தச் சுற்றறிக்கையின் கனமான பகுதி. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் "ஊதியம்". வீட்டு வாடகைப் படி, போக்குவரத்துப் படி, போனஸ், முதலாளி கட்டும் பி.எஃப். போன்றவை விலக்கு. ஆனால் விலக்குகளின் கூட்டுத்தொகை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையும் ஊதியத்தோடு சேரும்.

நம் சி.என்.சி. ஆபரேட்டர் ஒருவரின் கணக்கு இப்படி வருகிறது. அடிப்படை + பஞ்சப்படி ரூ.16,000, வீட்டு வாடகைப் படி ரூ.12,000, போக்குவரத்துப் படி ரூ.8,000, முதலாளி பங்கு பி.எஃப். ரூ.1,800. மொத்தம் ரூ.37,800, அதில் பாதி ரூ.18,900. விலக்குகள் ரூ.21,800. கூடுதலான ரூ.2,900 ஊதியத்தில் சேர்வதால் அவருடைய ஊதியம் ரூ.18,900. சம்பளச் சீட்டில் தெரியாத முதலாளி பங்கு பி.எஃப்.ஐ விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் ரூ.18,000 என்று தவறாக வரும். அந்தத் தொகையைக் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

பி.எஃப். நாம் ரூ.15,000 வரம்பில் கட்டுவதால் இவருக்கு மாறாது. பி.எஃப். காரணமாகக் கையில் வாங்கும் தொகையும் குறையாது. மாறுவது கிராஜுட்டி. 10 ஆண்டு பணிக்கு, பழைய முறையில் ரூ.92,308, புதிய ஊதியத்தில் ரூ.1,09,038. ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது எல்லோருக்கும் இந்த ஒதுக்கீட்டைக் கூட்ட வேண்டியிருக்கும். பங்குதாரர் இதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

கூடுதல் திறன், வேலைச் சிறப்பு என்றெல்லாம் நாம் கொடுக்கும் "சிறப்புப் படி" சட்டத்தின் விலக்குப் பட்டியலில் இல்லை. அதை நேராக ஊதியத்தில் எழுத வேண்டும். இ.எஸ்.ஐ.யில் பழைய கணக்குப்படி ரூ.21,000 வரம்பைத் தாண்டியிருந்த சிலர் புதிய வரையறையில் வரம்புக்குள் வரலாம். அவர்களின் பட்டியலை எடுத்து, இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் எழுத்து மூலம் விளக்கம் கேட்டு, அந்தக் கடிதத்தின் நகலைக் கோப்பில் வைக்கவும். நம் கெடு: 12-12-2025.

சட்டப்படி ஊதியத்தைக் கணக்கிடுவது வேறு, படிகளையே மாற்றி அமைப்பது வேறு. கணக்கு 21-11-2025 முதலே பொருந்தும், அதற்கு அறிவிப்பு வேண்டாம். படிகளைக் குறைத்து அடிப்படையைக் கூட்டுவது சம்பள முறையில் மாற்றம். தொழில் உறவுகள் தொகுப்பின் 40ஆம் பிரிவுப்படி முன் அறிவிப்புக் கொடுத்து 21 நாள் கழிந்த பிறகே செய்யலாம். அறிவிப்பை 05-12-2025 அன்று கொடுத்தால் 01-01-2026 முதல் புதிய அமைப்பை எடுக்கலாம். அந்த நாளைத் தவறவிட்டால் பிப்ரவரிக்குத் தள்ளுங்கள், அவசரத்தில் ஜனவரியிலேயே மாற்றிவிட வேண்டாம். மொத்தச் சம்பளம் எவருக்கும் ஒரு ரூபாய்கூடக் குறையக் கூடாது என்பதைப் பங்குதாரர் உறுதி செய்ய வேண்டும்.

சம்பளம் கொடுக்கும் நாள்

மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள். நவம்பர் சம்பளத்துக்கான 7ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. எனவே 06-12-2025 சனிக்கிழமையே கணக்கில் ஏற வேண்டும். எல்லோருக்கும் சம்பளச் சீட்டு உண்டு. பிடித்தங்கள் எல்லாம் சேர்ந்து அந்தக் காலத்து ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. முன்பணம் அதிகம் வாங்கியவர்களிடம் தவணையைக் குறைத்துப் பிடியுங்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. 15ஆம் தேதிக்குள் என்பதில் மாற்றமில்லை.

வேலையை விட்டுப் போகிறவர் (பொறுப்பு: மனிதவள அலுவலரும் கணக்காளரும் சேர்ந்து)

விலகினாலும் நீக்கினாலும் இரண்டு வேலை நாளுக்குள் ஊதிய நிலுவையைத் தீர்க்க வேண்டும். நாம் இதுவரை அடுத்த மாதச் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுத்து வந்தோம். இனி அது சட்டமீறல். தாமதம் எங்கே வருகிறது என்று பார்த்தால், கருவிக் கிடங்கில் மைக்ரோமீட்டர், கேஜ் ஒப்படைப்பைச் சரிபார்ப்பதிலும், ஓ.டி. மணிக்கணக்கை மாதக் கடைசியில் மட்டும் கூட்டுவதிலும்தான். ஆகவே:

1. ஷிப்ட் மேற்பார்வையாளர் ஓ.டி. மணியை அன்றன்றே பதிவேட்டில் ஏற்ற வேண்டும்.
2. விலகல் கடிதம் வந்த அன்றே மனிதவள அலுவலர் கணக்காளருக்கும் கிடங்குக்கும் தெரிவிக்க வேண்டும்.
3. கருவி ஒப்படைப்பு கடைசி வேலை நாளன்று ஷிப்ட் முடிவதற்குள் முடிய வேண்டும்.
4. மறு வேலை நாள் மாலைக்குள் பணம் ஏற வேண்டும். பங்குதாரர் ஊரில் இல்லாவிட்டால் ஆலை மேலாளர் ஒப்புதல் போதும். வங்கியில் அந்த அதிகாரத்தை 10-12-2025க்குள் மாற்றிக் கொடுக்கவும்.

கருவி திரும்பி வரவில்லை என்பதற்காக முழுத் தொகையையும் நிறுத்தி வைக்கக் கூடாது. கிராஜுட்டிக்கு 30 நாள் உண்டு, அதை இதோடு கலக்க வேண்டாம். குறிப்பிட்ட காலத்துக்கு நியமித்தவர்களுக்கு ஐந்தாண்டு நிபந்தனை இல்லை. ஓராண்டு முடித்திருந்தாலே கிராஜுட்டி சேரும்.

நியமனக் கடிதம் (பொறுப்பு: மனிதவள அலுவலர்)

இதுவரை கடிதம் பெறாத ஒவ்வொருவருக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். பாதுகாப்பாக 20-02-2026ஐச் சட்டக் கெடுவாகக் கொள்கிறோம். நம் கெடு 10-01-2026. நேரடித் தொழிலாளர்களில் 17 பேரிடம் கடிதம் இல்லை. பெரும்பாலோர் பத்தாண்டுக்கு மேல் நம்மோடு இருப்பவர்கள். இவர்கள் கடிதத்தில் பணியில் சேர்ந்த உண்மையான தேதியை எழுதுங்கள். கடிதம் கொடுக்கும் தேதியையே சேர்ந்த தேதியாகப் போட்டால் அவர்களின் பணிக்காலம் காகிதத்தில் அழிந்துவிடும். பி.எஃப். பதிவில் சேர்ந்த தேதி பிந்தியிருந்தால், பழைய வருகைப் பதிவேட்டைப் பார்த்து முடிவெடுங்கள். கடிதம் தமிழில் இருக்கட்டும். வெளிமாநிலத்தவருக்கு இந்தியிலும் ஒரு பிரதி. பெற்றுக்கொண்டதற்கு நகலில் கையொப்பம். ஒப்பந்த ஆட்களுக்கு ஒப்பந்ததாரர் கொடுத்த கடிதத்தின் நகல் நம்மிடம் இருக்க வேண்டும்.

குறைதீர் குழு (பொறுப்பு: ஆலை மேலாளர்)

20 தொழிலாளருக்கு மேல் இருப்பதால் கட்டாயம். இரு தரப்பும் சம எண்ணிக்கை, மொத்தம் 10 பேருக்கு மிகாமல். நாம் 6 பேர் என்று வைத்தால் பெண்கள் விகிதப்படி குறைந்தது 2 பேர் பெண்களாக இருக்க வேண்டும் (36க்கு 8 என்றால் 6க்கு 1.33, கீழே இறக்கக் கூடாது). தலைமை ஆண்டுதோறும் மாறி மாறி இரு தரப்புக்கும் வரும். மனு வந்த 30 நாளுக்குள் முடிக்க வேண்டும். தொழிலாளர் தரப்பு உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஒப்புக்கொள்ளாவிட்டால் அது முடிவே ஆகாது. ஆகவே தொழிலாளர் பிரதிநிதிகளை நிர்வாகம் தேர்ந்தெடுத்து உட்கார வைத்தால் குழு பயனற்றுப் போகும். தொழிலாளர்களே கூடித் தேர்ந்தெடுக்கட்டும். நம் கெடு: 20-12-2025. பெயர்களை அறிவிப்புப் பலகையில் ஒட்டவும்.

ஒப்பந்த ஆட்களும் வெளிமாநிலத்தவரும் (பொறுப்பு: மனிதவள அலுவலர்)

சட்டத்தின் ஒப்பந்தத் தொழிலாளர் பகுதி 50 பேர் இருந்தால்தான் பொருந்தும், நம்மிடம் 14 பேர். ஆனால் நம் ஒப்பந்ததாரர் மற்ற ஆலைகளுக்கும் ஆள் அனுப்புகிறார். அவரிடம் மொத்தம் 50 பேர் இருந்தால் அவருக்கு உரிமம் வேண்டும். அவருடைய மொத்த ஆள் எண்ணிக்கையை எழுத்தில் வாங்குங்கள். அவர் சம்பளம் கொடுக்கத் தவறினால் பொறுப்பு நம் மேல் விழும். ஒவ்வொரு மாதமும் வங்கிச் சம்பள விவரமும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. ரசீதும் பார்த்த பிறகே கணக்காளர் அவருடைய பில்லைப் பாஸ் செய்ய வேண்டும்.

வெளிமாநிலத்தவர் இன்று 9 பேர். வரம்பு 10. ஆனால் முந்தைய 12 மாதத்தில் ஏதாவது ஒரு நாள் 10 பேர் இருந்திருந்தாலே போதும். ஜூன் மாத வருகைப் பதிவில் 11 பேர் இருக்கிறார்கள். எனவே நமக்குப் பொருந்தும். சொந்த ஊர் போய்வரும் பயணப்படி உட்பட அவர்களுக்கான பதிவைத் தனியாகத் தொடங்கவும். நம் கெடு: 31-12-2025.

குழந்தைகள் காப்பகம்

50 ஊழியர் என்பது வரம்பு. ஒப்பந்ததாரர் வழி வருபவரும் இதில் ஊழியரே. 55 பேர் என்பதால் நமக்கு உண்டு. தனியாகக் கட்ட இடமில்லை. பக்கத்து ஆலைகளோடு செலவைப் பகிர்ந்து பொதுக் காப்பகம் வைக்கச் சட்டம் இடம் தருகிறது. பேட்டையில் மூன்று ஆலைகளோடு பங்குதாரர் பேசி 31-01-2026க்குள் எழுத்தில் ஒப்பந்தம் முடிக்கட்டும். தாய்மார் நாளுக்கு நான்கு முறை போய்வர அனுமதி உண்டு. நடந்து போகும் தூரத்தில் இருந்தால்தான் அது நடக்கும்.

ஷிப்டும் உடல்நலமும் (பொறுப்பு: ஷிப்ட் மேற்பார்வையாளர்கள்)

ஓ.டி.க்குத் தொழிலாளியின் சம்மதம் வேண்டும், இரட்டை விகிதம் வேண்டும். மாலை 7 மணிக்குப் பிறகும் காலை 6 மணிக்கு முன்பும் பெண்களை வைப்பதானால் எழுத்து மூலச் சம்மதமும் பாதுகாப்பு ஏற்பாடும் இல்லாமல் கூடாது. இப்போதைக்கு நாம் வைப்பதில்லை. 40 வயது தாண்டியவர்களுக்கு இலவச ஆண்டு மருத்துவப் பரிசோதனை: பிறந்த தேதிப் பட்டியல் 15-12-2025க்குள், முகாம் பிப்ரவரிக்குள். ஃபெட்லிங் பகுதியில் இருப்பவர்களுக்கு வயது பார்க்காமல் நுரையீரல், செவிப் பரிசோதனை செய்யுங்கள். அங்கே தூசியும் சத்தமும் இளையவர்களையும் விடுவதில்லை.

விடுப்பு ஊதியத்துக்கு இனி 240 நாள் இல்லை, 180 நாள் போதும். 20 நாளுக்கு ஒரு நாள். 2026 விடுப்புப் பதிவேட்டில் இதை மாற்றவும்.

நமக்கு இப்போது பொருந்தாதவை

நிலையாணைகள் (300 தொழிலாளர்), பணிக் குழு (100), கேன்டீன் (100), நலஅலுவலர் (250). ஏப்ரலில் இரண்டாவது லைன் ஓடத் தொடங்கும்போது ஆள் எண்ணிக்கை மாறும். அந்த மாத ஆள் கணக்கோடு இந்தப் பட்டியலையும் மனிதவள அலுவலர் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும்.