தடுப்பூசிப் பட்டியல்: ஆண், 34 வயது, ரப்பர் பால்வெட்டு, திருவட்டாறு

கடைசி ஊசி பத்தாம் வகுப்பில் போட்ட டெட்டனஸ். சிறுவயது கார்டு தொலைந்துவிட்டது. வேறு நோய் இல்லை. எழுத்தில் பதிவு இல்லாத ஊசியைப் போடாததாகவே வைத்துக்கொள்கிறோம். ஏற்கெனவே போட்டிருந்தாலும் மறுபடி போடுவதில் பொதுவாகக் கெடுதல் இல்லை.

2026 பிப்ரவரி 2, திங்கள்
☐ டீடேப் (டெட்டனஸ், டிப்தீரியா, கக்குவான்)
☐ ஹெபடைட்டிஸ் பி, முதல் ஊசி. அன்றே, அந்தக் கிருமி ஏற்கெனவே உடலில் இருக்கிறதா என்று பார்க்க ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. ரத்தப் பரிசோதனை
☐ தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லாவுக்கான எம்.எம்.ஆர்., முதல் ஊசி

மார்ச் 2
☐ டெட்டனஸ்-டிப்தீரியா ☐ ஹெபடைட்டிஸ் பி ☐ எம்.எம்.ஆர்.

மே, மழைக்கு முன்
☐ ஃப்ளூ. இது வருடாவருடம்
☐ டைபாய்டு கான்ஜுகேட், ஒரே ஊசி

ஆகஸ்ட் 3
☐ டெட்டனஸ்-டிப்தீரியா ☐ ஹெபடைட்டிஸ் பி, கடைசி ஊசி

வெட்டுக்கத்தி கையில் படும் வேலை என்பதால் டெட்டனஸ் முதலிடம். ஆனால் நீங்கள் படித்த காலத்தில் பள்ளியில் போட்டது டெட்டனஸ் மட்டும்தான். டிப்தீரியா சேர்ந்த ஊசி அந்த இடத்துக்கு வந்தது 2019-க்குப் பிறகு. அதனால் மருந்துப் பெட்டியில் டிப்தீரியா என்றும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையை நீட்டுங்கள். மூன்றும் முடிந்தபின் 10 வருடத்துக்கு ஒன்று போதும். மண், சாணம் பட்ட காயமென்றால் கடைசி ஊசிக்கு 5 வருடம் ஆகியிருந்தாலே இன்னொன்று வேண்டும்.

ஹெபடைட்டிஸ் பி-யில் எல்லாரும் தவறவிடுவது ஆகஸ்ட் ஊசியை. தள்ளிப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். மேற்கையில் போடச் சொல்லுங்கள். இடுப்பில் போட்டால் எதிர்ப்புச் சக்தி குறைவாகவே வரும்.

2017-இல் தமிழகத்தில் நடந்த தட்டம்மை-ரூபெல்லா முகாம் 15 வயதுக்குள்ளவர்களுக்கு. உங்களுக்கு அப்போது 25, அதனால் அதில் போட்டிருக்க மாட்டீர்கள். வீட்டுக்காரி கர்ப்பமாக இருந்தாலும் நீங்கள் எம்.எம்.ஆர். போடலாம். கர்ப்பிணிக்குத்தான் கூடாது, பெண்கள் போட்ட பிறகு ஒரு மாதம் கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும்.

சின்னம்மை வந்ததே இல்லையா? அதற்கும் இரண்டு ஊசி உண்டு. எம்.எம்.ஆர். போடும் அதே நாளில் போடலாம். இல்லையென்றால் இரண்டுக்கும் நடுவே 28 நாள் இடைவெளி கட்டாயம். ஹெபடைட்டிஸ் ஏ-வுக்கு முதலில், ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பார்க்கும் ஐ.ஜி.ஜி. ரத்தப் பரிசோதனை. நம்மில் பலருக்குச் சிறுவயதிலேயே வந்துபோயிருக்கும், பாசிட்டிவ் என்றால் ஊசிக்காசு மிச்சம்.

நாய் கடித்தாலோ, பிராண்டினாலோ இந்தத் தேதிகளைப் பார்க்காதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காபித்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்க வேண்டாம். ஊசி 0, 3, 7, 28-ஆம் நாட்களில்.

ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டாலோ, முன்பு ஊசி போட்டு மயங்கியிருந்தாலோ நர்ஸிடம் முதலிலேயே சொல்லுங்கள். போட்டபின் 15 நிமிடம் உட்கார்ந்திருங்கள். கை வலியும் லேசான காய்ச்சலும் ஓரிரு நாளில் போய்விடும், எம்.எம்.ஆர். காய்ச்சல் மட்டும் ஒரு வாரம் கழித்து வரலாம். ஒவ்வொரு ஊசிக்கும் தேதி, பெயர், பேட்ச் எண் எழுதி வாங்கி, கார்டைப் போனில் படமெடுத்து வையுங்கள்.